கட்டணமில்லாத செயலியா, கட்டணம் எடுக்கும் செயலியா?

லண்டனில் இருக்கும் அண்ணா வெள்ளவத்தை வீட்டுக்கு 200 பவுண் அனுப்புவதற்கு முன், பணம் அனுப்பும் செயலிகளின் நாணய மாற்று விகிதங்களைக் காட்டும் நான்கு ஸ்கிரீன்ஷொட் எனக்கு அனுப்பியிருந்தார். ஒன்று முந்தைய நாளுடையது, இன்னொன்றில் இருந்தது முதல் தடவை அனுப்புவோருக்கு மட்டும் தரும் சலுகை விகிதம். இரண்டையும் ஒதுக்கிவிட்டேன்.

மிச்சம் இரண்டு. முதலாவதில் கட்டணம் இல்லை, ஒரு பவுணுக்கு 392 ரூபாய். அம்மாவின் கணக்குக்கு 78,400 வரும். மற்றதில் கட்டணம் 2.50 பவுண், விகிதம் 401. கட்டணத்தை அந்த 200இலேயே கழிக்கிறார்கள், ஆகவே 197.50ஐத்தான் பெருக்க வேண்டும்: 79,197 ரூபாய். கட்டணம் கட்டியும் கிட்டத்தட்ட 800 ரூபாய் கூடுதல். 'கட்டணம் இல்லை' என்கிற செயலி தன் பங்கை விகிதத்துக்குள்ளேயே எடுத்துவிடுகிறது.

ஆனால் அண்ணா மருந்துக்கென்று 50 பவுண் மட்டும் அனுப்பும்போது கணக்கு மாறிவிடும்: முதலாவதில் 19,600, மற்றதில் 19,047. இந்த விகிதங்களில் ஏறக்குறைய 111 பவுணுக்கு மேல் போனால்தான் கட்டணம் எடுக்கும் செயலி லாபம்.

அப்புறம், கட்டணத்தைத் தொகைக்கு மேலே தனியாக அறவிடும் செயலியும் உண்டு. அதனால் அண்ணாவின் கார்டில் மொத்தம் எவ்வளவு போகிறது, அம்மாவின் கணக்கில் எத்தனை ரூபாய் விழுகிறது என்ற இரண்டையும் மட்டும், ஒரே நேரத்தில் எடுத்த படங்களில் பாருங்கள்.