கால் வெயிட்டிங்கா, பிஸி ஃபார்வர்டிங்கா?

கடலூர் முதுநகரில் மீன் வியாபாரம் செய்யும் அண்ணன் கேட்டார்: "நான் பேசிட்டிருந்தா கால் தம்பிக்குப் போகணும்னு வச்சேன், போகலையே?" காரணம், அவர் வைத்த பிஸி ஃபார்வர்டிங்கோடு கால் வெயிட்டிங்கும் ஆனில் இருந்தது. அது இருந்தால் நெட்வொர்க் லைனை பிஸி என்றே எடுத்துக்கொள்ளாது. வரும் அழைப்பை அவர் கட் செய்தால்தான் தம்பிக்குப் போகும்.

இன்னொரு கால் வந்தால்: வெயிட்டிங்கில் நம் காதில் டிக் டிக், ஃபார்வர்டிங்கில் நேராகத் தம்பிக்கு.
செலவு: வெயிட்டிங்குக்கு இல்லை, திருப்பிவிடும் கால் நம் கணக்கில் ஏறும்.
நிறுத்த: வெயிட்டிங்குக்கு `#43#`, பிஸி ஃபார்வர்டிங்குக்கு `##67#`. வாய்ஸ்மெயிலும் ஒருவகை ஃபார்வர்டிங்தான். `##004#` போட்டால் பிஸி ஃபார்வர்டிங்கோடு அதுவும் சேர்ந்து அழியும்.

தனியாள் கடைக்கு வெயிட்டிங் போதும். போன் எடுக்கத் தம்பி இருந்தால் வெயிட்டிங்கை நிறுத்திவிட்டு ஃபார்வர்டிங் வையுங்கள்.