6,500 ரூபாய் போச்சு: பழைய சென்சஸ் அட்டவணையை டைப் அடிக்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

பணம் திரும்பாது என்று நேற்று ராத்திரிதான் தெரிந்தது, கை இன்னும் நடுங்குகிறது. 1931 சென்சஸ், மெட்ராஸ் தொகுதியின் எழுத்தறிவு அட்டவணைகள். ஸ்கேன் செய்த 24 பக்கங்களை எக்செலில் ஏற்றித் தர, டைப்பிங் ஆட்களைப் பிடித்துத் தரும் ஒரு தளத்தில் ஆள் பிடித்தேன். முழுப்பணமும் முன்கூட்டியே. 6,500 ரூபாய்.

ஏன் நம்பினேன்? மாதிரிக்கு ஒரு பக்கம் அனுப்பினார், ஒரு எண்கூடப் பிசகவில்லை. மேலே மொத்தம், எழுத்தறிவு பெற்றோர், பெறாதோர் என்று தலைப்புகள். ஒவ்வொன்றின் கீழும் நபர், ஆண், பெண். அச்சில் இருப்பது போலவே செல்களை மெர்ஜ் செய்து அழகாகக் கட்டம் போட்டிருந்தார். அந்த அழகில்தான் விழுந்தேன்.

முழுக் கோப்பு வந்ததும் நபர் கழித்தல் ஆண் கழித்தல் பெண் போட்டுப் பார்த்தேன். எல்லா வரியிலும் 0. பரவாயில்லையே என்று ஐந்து நட்சத்திரமும் கொடுத்துத் தொலைத்தேன்! அப்புறம் சும்மா இன்னொரு கணக்கு, மொத்தத்திலிருந்து பெற்றோர், பெறாதோர் இரண்டையும் கழித்து:

```
=B7-E7-H7
```

-5000 வந்தது. B7-ஐ க்ளிக் செய்தால் உள்ளே எண்ணே இல்லை:

```
=C7+D7
```

அச்சடித்த மொத்தத்தைத் தூக்கிவிட்டு, தானே கூட்டிப் போட்டிருக்கிறார். பின்னே 0 வராமல் என்ன வரும்? ஸ்கேனைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆண் எண்ணிக்கையில் ஆயிரம் இடத்தில் மசி தேய்ந்த 8, கோப்பில் 3. மாதிரிப் பக்கம் கையால் அடித்தது, மற்றதெல்லாம் ஓசிஆரில் தள்ளியது போலிருக்கிறது. கூட்டல் இடிக்கிற இடத்தில் ஸ்கேனைப் பார்க்காமல் ஃபார்முலாவால் பூசி மெழுகிவிட்டார்.

மெர்ஜும் தனியாகக் கழுத்தறுத்தது. பிரித்தால் தலைப்பு இடது ஓரச் செல்லில் மட்டும் நிற்கிறது, மற்ற இரண்டும் காலி. "ஆண்" என்று மூன்று பத்திகள், எது எந்த ஆண் என்று சார்ட்டுக்கோ பிவட்டுக்கோ தெரியாது.

கேட்டதற்கு, "ஸ்கேன் கிளியரா இல்ல சார்." அடுத்த நாள், "டோட்டல் டேலி ஆகுதே சார்?" அதற்கடுத்து பதிலே இல்லை. தளத்தில் புகார் கொடுத்தால், நான் 'பெற்றுக்கொண்டேன்' அழுத்திவிட்டேனாம், 6,500 திரும்பாதாம்.

எப்படிச் சோதிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. மாதிரிப் பக்கத்தை நீங்களே, நடுவிலிருந்து, மங்கலானதாகப் பார்த்துக் கொடுங்கள். அச்சு மொத்தத்தை அப்படியே அடிக்கச் சொல்லுங்கள், சரிபார்ப்பு தனிப் பத்தியில். கோப்பு வந்ததும் Ctrl+` அழுத்தினால் ஒளிந்திருக்கும் ஃபார்முலா எல்லாம் வெளியே வரும். தலைப்பு ஒரே வரியில், "பெற்றோர்_ஆண்" மாதிரி. வித்தியாசம் சரியாக 5, 50, 5000 என்று வந்தால் முதலில் 3-8 குழப்பத்தைத் தேடுங்கள்.

நான் இப்போது நாலாம் பக்கத்தை நானே அடித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் இருபது.