கன்சல்டன்சியிலிருந்து ஒன்று, ‘கம்பெனி ஹெச்ஆர்’ என்று ஒன்று: ஒரே வேலைக்கு வந்த இரண்டு மெசேஜ்கள்

நௌக்ரியில் ரெஸ்யூமைப் புதுப்பித்த மறுநாளே மெசேஜ்கள் வரிசை கட்டும் என்பது வேலை தேடிய எல்லோருக்கும் தெரியும். நான் பேமென்ட்ஸ் பக்கம் ஏழு வருடமாக ஜாவா எழுதுகிறேன், வீடு வேளச்சேரி. புதுப்பித்த அந்த வாரத்தில் வந்தவற்றில் மூன்றைத் தனியே எடுத்து வைத்தேன். ஒன்று டெலிகிராமில் சேர்ந்து ஹோட்டல்களுக்கு ரேட்டிங் போட்டால் தினமும் பணம் என்றது. அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, பிளாக் செய்துவிட்டேன். (அதில் பணம் போட்டு ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும், அல்லது cybercrime.gov.in-இல் புகார் பதிய வேண்டும்.) மற்ற இரண்டும்தான் என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தன.

முதலாவது வாட்ஸ்அப்பில் வந்தது. கிண்டியில் இருக்கும் ஒரு சின்ன கன்சல்டன்சியில் வேலை செய்யும் பெண். கம்பெனி பெயர் இல்லை, ‘பேமென்ட்ஸ் துறையில் ஒரு கிளையன்ட், பெருங்குடி அலுவலகம், 6 முதல் 8 வருட அனுபவம்’ என்று மட்டும் இருந்தது. இரண்டாவது லிங்க்ட்இன் வழியாக வந்து பிறகு மெயிலுக்கு மாறியது. அனுப்பியவர் ப்ரொஃபைலில் பெரிய கம்பெனி ஒன்றின் பெயருக்குக் கீழே ‘டேலன்ட் அக்விசிஷன்’ என்று போட்டிருந்தார், மெயிலில் அதே கம்பெனியின் லோகோ, அழகான கையொப்பம், வேலை விவரத்தைச் சொல்லும் ஜேடி இணைப்பு. பார்த்தவுடன் யாருக்கும் இரண்டாவதுதான் அசல் என்று தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கன்சல்டன்சி பெண்ணுக்கு இரண்டு நாள் பதிலே போடவில்லை.

மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார். ‘மேடம், கிளையன்ட் பேரை மெசேஜ்ல போட முடியாது, போட்டா நீங்க நேரா அப்ளை பண்ணிடுவீங்க, எங்களுக்குக் கணக்கு வராது. ஃபோன்ல சொல்றேன்’ என்று பெயரைச் சொன்னார். இரண்டாவது மெயிலில் லோகோ போட்டிருந்த அதே கம்பெனி. ஜேடியை அனுப்பச் சொல்லி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பார்த்தேன். ISO 20022 தெரிந்திருக்க வேண்டும் என்ற வரி இரண்டிலும் இருந்தது, Kafka என்ற சொல் இரண்டிலும் Kakfa என்று எழுத்து மாறியே இருந்தது. ஆக ஒரே ஜேடி, ஒரே வேலை. இருவரில் யார் வழியாகப் போவது என்பதுதான் கேள்வி.

நான் கன்சல்டன்சியைத் தேர்ந்தெடுத்தேன். அதற்குக் காரணம், அந்த வேலையை நிரப்பச் சொல்லி இவரிடம் யார் கொடுத்தார்கள் என்ற ஒரே விஷயம்தான். மெசேஜ் அழகாக இருக்கிறதா, இங்கிலீஷ் சரியாக இருக்கிறதா என்பதெல்லாம் இதற்கு முன்னால் நிற்காது.

முதலில் இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: ‘ஆஃபர் லெட்டர் எந்தக் கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் வரும்?’ கன்சல்டன்சி பெண் யோசிக்கவே இல்லை. ‘அவங்க பேரோல்தான் மேடம், நீங்க சேர்ந்ததுக்கு அப்புறம் எங்களுக்கு அவங்க பில் செட்டில் பண்ணுவாங்க.’ இங்கே கன்சல்டன்சி பிழைப்பதே அப்படித்தான். சேருகிறவரின் ஆண்டு சம்பளத்தில் ஒரு சதவீதத்தைக் கம்பெனி தரும், அடிக்கடி காதில் விழும் கணக்கு 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். அதனால் நம்மிடம் பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று எந்தப் பெயரில் காசு கேட்டாலும் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். ‘கம்பெனி ஹெச்ஆர்’ என்றவர் அரை நாள் கழித்துப் பதில் போட்டார்: முதல் 12 மாதம் ‘பேரோல் பார்ட்னர்’ வழியாக, அதாவது வேறொரு கம்பெனியின் ஆளாக கான்ட்ராக்டில், பிறகு பெர்ஃபார்மன்ஸைப் பார்த்து நிரந்தரம். பார்ட்னர் யார் என்று கேட்டேன், செலக்ட் ஆன பிறகு சொல்கிறேன் என்றார். கம்பெனியின் சொந்த ஆளுக்கு அதைச் சொல்வதில் என்ன தயக்கம்?

அடுத்து, ஜேடியில் இல்லாததைக் கேட்டேன். இந்த இடம் ஏன் காலியானது, டீமில் எத்தனை பேர், எத்தனை ரவுண்டு, ஷிப்ட் உண்டா? மேனேஜரிடமோ ஹெச்ஆரிடமோ ஒருமுறையாவது பேசியவருக்குத்தான் இதற்கெல்லாம் பதில் தெரியும். ஜேடி யார் கையிலிருந்து யார் கைக்கு வேண்டுமானாலும் போகும், இந்தத் தகவல்கள் அப்படிப் போகாது. கன்சல்டன்சி பெண் சொன்னது: மார்ச்சில் ஒருவர் வேலையை விட்ட இடம், டீமில் பாதி லண்டனில் இருப்பதால் மதியம் 12 முதல் இரவு 9 வரை, வாரம் மூன்று நாள் அலுவலகம், இரண்டு டெக்னிக்கல் ரவுண்டு, பிறகு மேனேஜர். டீமின் எண்ணிக்கை மட்டும் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றார், மறுநாள் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டுக் கேட்டு வந்தாரே, அந்த இடத்தில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது, கேட்டுவர அவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். இரண்டாமவர் எல்லாவற்றுக்கும் ‘அஸ் பர் ஜேடி’ என்றே எழுதினார்.

அப்புறம்தான் மெயில் முகவரியைப் பார்த்தேன், முதலிலேயே பார்த்திருக்க வேண்டியது. மொபைலில் அனுப்புநரின் பெயர்தான் தெரியும், அதைத் தொட்டால்தான் முகவரி விரியும். பெயர்களை மாற்றிச் சொல்கிறேன், வித்தியாசம் இவ்வளவுதான்:

```
careers.niruvanam.example
niruvanam-careers.example
```

டொமைனை வலப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். முதலாவதில் உரிமை niruvanam.example-க்கு, careers என்பது அதற்குள்ளே இருக்கும் ஒரு பிரிவு. இரண்டாவதில் நடுவில் புள்ளிக்குப் பதில் சின்னக் கோடு இருக்கிறது. அதை யார் வேண்டுமானாலும் வாங்கிப் பதிவு செய்யலாம், எனக்கு வந்தது அந்த வகைதான். ஜிமெயிலில் ‘Show original’ போய்ப் பார்த்தால் அனுப்பிய டொமைனைச் சரிபார்க்கும் SPF, DKIM எல்லாம் PASS என்றே காட்டியது, அதைப் பார்த்து நிம்மதியாகிவிடக் கூடாது. அந்த டொமைனிலிருந்துதான் மெயில் வந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி, டொமைன் யாருடையது என்று அது சொல்லாது. அதேபோல வேறு டொமைன் என்றாலே போலி என்றும் முடிவு கட்ட முடியாது. பல பெரிய கம்பெனிகளின் அசல் மெயில்கள் myworkday.com போன்ற ஆள்சேர்ப்பு மென்பொருளின் முகவரியிலிருந்துதான் வருகின்றன.

கன்சல்டன்சியையும் சும்மா நம்பிவிடவில்லை. mca.gov.in-இல் பெயரைத் தேடினேன், பதிவான கம்பெனிதான், முகவரியும் கிண்டிதான். ஆனால் பதிவு இருப்பது ஒன்று, அந்தக் கிளையன்ட்டின் வேலை இவர்களிடம் இருப்பது வேறு. அதனால் கிளையன்ட்டின் இணையதளத்துக்கு நானே போய், கேரியர்ஸ் பக்கத்தில் இருந்த மெயிலுக்கு இரண்டு வரி எழுதினேன்: இந்த ஜாப் ஐடிக்கு ஆள் தேட நீங்கள் அனுமதித்த கன்சல்டன்சிகளின் பேனலில் இந்த கன்சல்டன்சி இருக்கிறதா, இந்தப் பெயரில் உங்கள் ஹெச்ஆரில் யாராவது இருக்கிறார்களா? இரண்டு நாளில் பதில் வந்தது. முதலாவதற்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை. எல்லாக் கம்பெனியும் இப்படிப் பதில் போடாது, எனக்குக் கிடைத்தது. அந்த ஐடி கேரியர்ஸ் பக்கத்தில் இல்லவே இல்லை, அதை மட்டும் பார்த்திருந்தால் வேலையே பொய் என்று நினைத்திருப்பேன். சில இடங்களை வெளியே போடாமல் பேனல் கன்சல்டன்சிகளிடம் மட்டும் கொடுப்பதுண்டு.

இரண்டாமவர் மோசடிக்காரர் என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. வெண்டாரிடமிருந்து இன்னொரு வெண்டார், அவரிடமிருந்து இவர் என்று ஜேடி கைமாறி வந்திருக்கலாம், ஓஎம்ஆர் முழுக்க இது நடக்கிறது. ஆனால் இன்டர்வியூவுக்கு முன்பே அவர் ஆதார் நகலும் மூன்று மாதச் சம்பளச் சீட்டும் கேட்டார். ஒரே ஆளின் பெயர் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கப் பிறந்த தேதியோ பான் எண்ணின் சில இலக்கங்களோ கேட்பவர்கள் உண்டு, ஆதார் நகலுக்கு அந்தக் கட்டத்தில் எந்த வேலையும் இல்லை.

போலியில்லாத, ஆனால் உரிமையும் இல்லாத ஒருவர் வழியாகப் போனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். என் பழைய டீமில் இருந்த தம்பிக்கு நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு கன்சல்டன்சிகள் கேட்க, இரண்டு பேருக்கும் ‘ஓகே’ என்று வாட்ஸ்அப்பில் ரெஸ்யூமை அனுப்பிவிட்டான். ஒரே கம்பெனிக்கு இரண்டு வழியாகவும் போய்விட்டது. கம்பெனியின் சிஸ்டத்தில் ஒருவரின் பெயரை முதலில் ஏற்றியவருக்குத்தான் உரிமை, ஒப்பந்தத்தைப் பொறுத்து அது சில மாதங்கள் நிற்கும். யாருக்குப் பணம் தருவது என்று தகராறு வந்ததும் கம்பெனி அவன் ப்ரொஃபைலையே ஓரம் வைத்துவிட்டது. அவன் பிறகு நேரடியாக விண்ணப்பித்தும் பழைய பதிவு குறுக்கே நின்றது. நல்லவேளையாக நான் இரண்டாமவருக்கு ரெஸ்யூமை அனுப்பியிருக்கவில்லை. கன்சல்டன்சிக்கு மட்டும், கம்பெனி பெயரும் ஜாப் ஐடியும் குறிப்பிட்டு, ‘இந்த ஒரு வேலைக்கு மட்டும் என் ரெஸ்யூமை அனுப்பலாம், வேறு எங்கும் என்னைக் கேட்காமல் அனுப்ப வேண்டாம்’ என்று மெயிலில் எழுதிக் கொடுத்தேன். நான்கு நாளில் இன்டர்வியூ அழைப்பு கம்பெனியின் சொந்த டொமைனிலிருந்து வந்தது.

சீனியர் பதவிகளுக்கு என் அனுபவம் அப்படியே பொருந்துமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். டைரக்டர் மட்டத்தில் முதல் சந்திப்பு வரை கம்பெனி பெயரைச் சொல்லாமல் இருப்பது வழக்கம் என்று அந்த நிலையில் இருக்கும் நண்பர்கள் சொல்கிறார்கள், நான் அங்கே போனதில்லை. வெளிநாட்டு வேலை என்றால் கணக்கே வேறு. 1983 எமிகிரேஷன் சட்டப்படி ஆள் எடுக்கும் ஏஜென்ட் பதிவு செய்திருக்க வேண்டும், emigrate.gov.in-இல் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

ஆகஸ்டில் பெருங்குடியில் சேர்ந்துவிட்டேன், ஆஃபர் லெட்டர் கம்பெனியின் லெட்டர்ஹெட்டிலேயே வந்தது. சேர்ந்த பிறகு ஹெச்ஆரிடம் கேட்டேன், அந்த இடத்துக்கு கான்ட்ராக்ட் என்ற பேச்சே எப்போதும் இருந்ததில்லை என்றார். ஜேடியில் Kakfa இன்னும் அப்படியே இருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டு வந்தேன், அன்று சாயங்காலமே திருத்திவிட்டார்.