வாடகைப் பற்றுச்சீட்டை ஏப்ரலில் கொடுப்பதா, ஜனவரியில் கொடுப்பதா?

கொள்ளுப்பிட்டியில் இருந்துகொண்டு சென்னைக் கம்பனி ஒன்றின் சம்பளக் கணக்கைப் பார்ப்பது என் வேலை. இங்கே நாங்கள் கட்டும் வீட்டு வாடகைக்கு சம்பளத்தில் பிடிக்கும் ஏபிஐடி வரியில் ஒரு சதமும் கழியாது. அதனால் சென்னைக்காரர் வாடகைப் பற்றுச்சீட்டு அனுப்பத் தொடங்கியபோது, இது எதற்கென்று எனக்கு விளங்கவே இல்லை.

2024-25 கணக்கொன்றைப் பார்ப்போம். மாதச் சம்பளம் 1,20,000 இந்திய ரூபா. அதில் அடிப்படை 60,000, வீட்டு வாடகைப்படி 30,000. கட்டும் வாடகையும் 30,000. வருட வாடகையில் அடிப்படைச் சம்பளத்தின் பத்து வீதத்தைக் கழித்தால் 2,88,000 வரும். சலுகைகள் உள்ள பழைய வரிமுறையில் அவ்வளவுக்கும் வரி இல்லை. 80சி பிரிவில் வருமானத்திலிருந்து கழியும் முதலீடு 1,50,000. அதில் 86,400 வருங்கால வைப்பு நிதி, மிச்சம் எல்.ஐ.சி. காப்புறுதியும் பி.பி.எஃப். சேமிப்பும்.

ஏப்ரலிலேயே பழைய வரிமுறை என்று எழுதிக் கொடுத்து, வாடகை ஒப்பந்தத்தையும் முதலீட்டு விபரத்தையும் சேர்த்தால் மாதம் 8,918 தான் பிடிபடும். முதலீட்டைச் செய்து முடித்திருக்கத் தேவையில்லை, செய்யப்போகிறேன் என்று சொன்னால் போதும். ஆதாரம் ஜனவரியில் கேட்கப்படும்.

பழைய முறை என்று மட்டும் டிக் போட்டுவிட்டு விபரம் தராமல் இருப்பவர் பாடு மோசம். வைப்பு நிதி மட்டுமே எங்களுக்குத் தெரியும் என்பதால் மாதம் 17,644 போகும். டிசம்பர் வரை பிடித்தது 1,58,796. வருட வரியோ 1,07,016 தான். ஜனவரியில் பைல் முழுக்கக் கொண்டுவந்தாலும் கடைசி மூன்று மாதம் பூச்சியமாக்கலாமே தவிர, கூடப் போன 51,780ஐக் கம்பனி கையில் தராது. வருமான வரிப் படிவம் போட்டுத்தான் திரும்ப வாங்க வேண்டும்.

அதற்காக ஏப்ரல்காரர் தப்பிவிட்டார் என்றும் இல்லை. வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுச் சொந்தக்காரரின் வருமான வரி எண்ணான பான் வேண்டும். போன ஜனவரியில் ஒருவர் போனில், “மேடம், ஓனர் பான் தர மாட்டேங்கிறாரு, என்ன பண்றது?” என்றார். இந்தக் கணக்கில் அப்படி நடந்தால் வாடகைச் சலுகை முழுவதும் விழுந்து, மூன்று மாதம் தலா 37,200 வரை பிடிபடும். பற்றுச்சீட்டை விட முதலில் கேட்டு வாங்க வேண்டியது அந்த எண்ணைத்தான். ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால் முகம் மாறும்.

ஒன்றுமே சொல்லாதவருக்கு, இந்தச் சலுகைகள் இல்லாத புதிய முறை தானாக விழும். அதில் இந்தச் சம்பளத்துக்கு வரி 1,17,520. பத்தாயிரம்தான் வித்தியாசம். 2025-26இல் அதே சம்பளத்துக்குப் புதிய முறை வரி 88,140 ஆக இறங்கியது, பழையதோ அதே 1,07,016. இந்தச் சம்பளக்காரர் அந்த வருடம் பற்றுச்சீட்டு சேர்த்திருந்தால் அது வீண் வேலை.