டிடிஎல் குறைத்து மெயில் சர்வர் மாற்றுவது: ஆறு வருடப் பயன்பாட்டில் கண்டது

ஆறு வருடங்களில் ஐந்து மெயில் சர்வர் மாற்றங்களைக் கையில் எடுத்துச் செய்திருக்கிறேன். எல்லாம் சின்ன நிறுவனங்கள்தான், அதிகபட்சம் நாற்பது பெட்டிகள். எல்லாவற்றிலும் முன்கூட்டியே டிடிஎல்லை, அதாவது ஒரு டிஎன்எஸ் பதிலை மற்றவர்கள் எத்தனை விநாடி நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணை, குறைத்தேன். முதல் தடவை அது பலிக்கவில்லை. தவறு டிடிஎல்லில் இல்லை, நான் குறைத்த நேரத்தில்.

சனிக்கிழமை இரவு 10 மணிக்கு மாற்றம் என்று திட்டம். அன்று மாலை 6 மணிக்கு, மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டின் டிடிஎல்லை 86400இலிருந்து 300 ஆக்கினேன். ஐந்து நிமிடக் கணக்குக்கு நான்கு மணி நேர அவகாசம் தாராளம் என்று நினைப்பு. 10 மணிக்கு எம்எக்ஸைப் புது சர்வருக்குத் திருப்பிவிட்டு, மற்றவர்களுக்காக டிஎன்எஸ்ஸில் தேடித் தரும் வெளி ரிசால்வர் ஒன்றைக் கேட்டபோது வந்த பதில் இது:

```
$ dig example.com MX +noall +answer
example.com.  71208  IN  MX  10 mail.example.com.
```

அந்த 71208தான் விஷயம். ரிசால்வர் ஒரு பதிலை வாங்கும்போது அதனுடன் வந்த டிடிஎல்லிலிருந்து விநாடி விநாடியாகக் குறைத்துக்கொண்டே வரும். பூஜ்யம் ஆகும்வரை மறுபடி நம்மைக் கேட்காது. 86400இலிருந்து 71208ஐக் கழித்தால் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். அதாவது நான் குறைப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு அந்த ரிசால்வர் பழைய பதிலை வாங்கி வைத்திருக்கிறது. நான் 300 என்று மாற்றியது அதற்குத் தெரியவே தெரியாது. ஞாயிறு மாலை 6 மணி நெருங்கும்வரை அதைக் கேட்டு நடக்கும் எல்லாரும் பழைய சர்வருக்கே மெயில் அனுப்புவார்கள்.

இப்போது குறைந்தபட்சம் பழைய டிடிஎல் அளவுக்கு முன்னதாகக் குறைக்கிறேன், முடிந்தால் அதைப்போல் இரண்டு மடங்கு. சனி இரவு மாற்றம் என்றால் வியாழன் காலையே 300. 60 வைத்தும் பார்த்திருக்கிறேன், பெரிய லாபம் இல்லை. சில ரிசால்வர்கள் தங்களுக்கென்று ஒரு குறைந்தபட்ச நேரம் வைத்துக்கொண்டு அதற்குக் கீழே நாம் சொல்வதைக் கேட்பதில்லை.

எம்எக்ஸை மட்டும் குறைத்தால் போதுமா என்றால், அது எதை மாற்றப்போகிறோம் என்பதைப் பொறுத்தது. எம்எக்ஸ் ஒரு பெயரைத்தான் காட்டும். அந்தப் பெயரின் ஐபியைச் சொல்லும் ஏ ரெக்கார்டுக்குத் தனி டிடிஎல் உண்டு. பெயரை அப்படியே வைத்துக்கொண்டு ஐபியை மட்டும் மாற்றுகிறவர் ஏ ரெக்கார்டையும் குறைக்க வேண்டும். நான் அந்த வழியை விட்டுவிட்டேன். புது சர்வருக்கு mx1.example.com என்று புதுப் பெயர் வைத்து, எம்எக்ஸை அதற்குத் திருப்புகிறேன். mail.example.com பெயரில்தான் எல்லாருடைய அவுட்லுக்கும் போனும் இணைந்திருக்கும். அவற்றையும் புதுப் பெயருக்கு மாற்றினால்தான் புது மெயில் கண்ணில் படும்.

புதுப் பெயரில் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. ரெக்கார்டை உருவாக்கும் முன்பே ஆர்வத்தில் கேட்டுப் பார்த்தால், 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்ற பதிலும் கேஷில் உட்கார்ந்துவிடும். எவ்வளவு நேரம் என்பதை எஸ்ஓஏ ரெக்கார்டின் கடைசி எண் தீர்மானிக்கிறது. முதலில் உருவாக்குங்கள், அப்புறம் கேளுங்கள். நேம் சர்வரையும் இதே வாரத்தில் மாற்றும் எண்ணம் இருந்தால் தள்ளிப்போடுங்கள். .com டொமைன்களுக்கு மேல்மட்டத்தில் இருக்கும் நேம் சர்வர் தகவலின் டிடிஎல் 172800, அதாவது இரண்டு நாள். அதை நம்மால் குறைக்க முடியாது.

சரி, அந்த முதல் தடவை என்ன நஷ்டம்? திங்கள் மதியம் கணக்குப் பிரிவு அக்கா போன் செய்தார். "தம்பி, ஆர்டர் அனுப்பிட்டோம்னு பார்ட்டி சொல்றாங்க, இங்க வரவே இல்லையே." அனுப்பியவருக்குத் தோல்விச் செய்தி எதுவும் போகவில்லை. பழைய சர்வர் உயிரோடு இருந்தது, 250 என்று ஒழுங்காகப் பதில் சொல்லி வாங்கிக்கொண்டது, யாரும் திறக்காத பெட்டியில் போட்டது. ஞாயிறு வந்த மெயில்களில் பாதி அங்கேதான் கிடந்தன.

டிடிஎல்லை எவ்வளவு கச்சிதமாகக் குறைத்தாலும் பழைய ஐபிக்கு ஒன்றிரண்டு மெயில் வரத்தான் செய்யும் என்பது அன்று புரிந்தது. சர்வர் பதிலே சொல்லாமல் இருப்பதில் ஆபத்து குறைவு. அனுப்பும் சர்வர் வரிசையில் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி முயலும், போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளில் இயல்பாக ஐந்து நாள் வரை. 250 சொல்லிவிட்டுத் தவறான இடத்தில் போடுவதும், 550 சொல்லித் திருப்பி அனுப்புவதும்தான் மெயிலைத் தொலைக்கின்றன.

அதனால் இப்போது மாற்றம் நடக்கும் நிமிடத்திலேயே பழைய போஸ்ட்ஃபிக்ஸைத் தபால் கைமாற்றும் வேலைக்கு மாற்றிவிடுகிறேன். டொமைனை உள்ளூர்ப் பட்டியலிலிருந்து எடுத்து relay_domains இல் சேர்த்து, transport கோப்பில் ஒரு வரி:

```
example.com    smtp:[198.51.100.20]:25
```

சதுர அடைப்பு எம்எக்ஸைத் தேடாமல் நேராக அந்த ஐபிக்கே போகச் சொல்கிறது. அந்தக் கோப்புக்கு postmap ஓட்டி, main.cf இல் transport_maps அதைக் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். புது சர்வரில் பழைய ஐபியை நம்பிக்கையான பட்டியலில் சேர்க்க மறக்கக் கூடாது. இல்லையென்றால், ஒரு டொமைன் பெயரில் எந்த ஐபி மெயில் அனுப்பலாம் என்று பார்க்கும் எஸ்பிஎஃப் சோதனை எல்லாவற்றையும் பழைய ஐபியிலிருந்து வந்த போலி மெயில் என்று எண்ணும். நம் டொமைனின் எஸ்பிஎஃப் ரெக்கார்டிலும் பழைய, புதிய ஐபி இரண்டையும் ஒரே வரியில் முன்பே சேர்த்துவிடுவேன். இரண்டு எஸ்பிஎஃப் ரெக்கார்டு இருந்தால் இரண்டுமே செல்லாது.

புது சர்வரில் முதல் இரண்டு நாள் soft_bounce = yes. பெட்டி உருவாக்க மறந்துவிட்ட ஊழியருக்கு வரும் மெயிலை 550 என்று தள்ளாமல் 450 என்று தள்ளும், அனுப்பியவர் மறுபடி முயல்வார். மூன்றாவது மாற்றத்தில் இது ஒரு முதலாளியின் இரண்டாவது முகவரியைக் காப்பாற்றியது. பட்டியலில் அது இல்லை, லாகில் 450 வரிசையாக வந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது. எடுக்க மறந்தால் குப்பை மெயிலும் விடாமல் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும்.

நான்காவதில் சிபேனல் ஹோஸ்டிங்கிலிருந்து வெளியே போனோம். டிஎன்எஸ் எல்லாம் சரி, வெளியிலிருந்து வரும் மெயிலும் சரி, ஆனால் வெப்சைட்டின் விசாரணைப் படிவம் மட்டும் மௌனம். எம்எக்ஸ் வேறெங்கோ போய்விட்டது அந்த சர்வருக்குத் தெரிவதில்லை. டொமைன் தன்னுடையது என்று நினைத்து உள்ளேயே போட்டுக்கொள்கிறது. சிபேனலில் Email Routing பக்கத்தில் Remote Mail Exchanger என்று மாற்றினால்தான் வெளியே அனுப்பும். இதற்கு டிடிஎல் எவ்வளவு குறைத்தும் பயனில்லை, டிஎன்எஸ்ஸைக் கேட்டால்தானே.

பழைய சர்வரை ஒரு மாதமாவது வைத்திருக்கிறேன். அதன் லாகில் கைமாற்றப்பட்ட நிஜ மெயில் ஒரு வாரமாக எதுவும் இல்லாமல் குப்பை மட்டும் வந்தால் நிறுத்தலாம். கடைசி மாற்றத்தில் மூன்றாம் நாளோடு நிஜ மெயில் நின்றது. அதன் பிறகு எம்எக்ஸ் டிடிஎல்லை 3600 ஆக்கினேன். 86400க்குத் திரும்பவில்லை, இனித் திருப்புவதாகவும் இல்லை.