டீபாட் ஒரு சொல், ஐஸ் கிரீம் இரண்டு சொல்: ஆறு ஆண்டு அகராதிப் பழக்கம்

காரைக்குடியில் அச்சகம் ஒன்றில் ஆங்கில மெய்ப்புத் திருத்தும் வேலையை ஆறு ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். தங்கும் விடுதிகளாக மாறிவிட்ட செட்டிநாட்டு வீடுகளின் உணவுப் பட்டியல்களும், பழம்பொருள் கடைகளின் விலைப் பட்டியல்களும்தான் எங்களிடம் அதிகம் வரும். அவற்றில் என் நேரத்தை மிகுதியாக வாங்குவது எழுத்துப் பிழை அன்று. இரண்டு சொற்களுக்கு நடுவே இருக்கும் அந்தச் சிறு இடைவெளிதான். இக்கட்டுரையில் ஆங்கிலச் சொற்களைத் தமிழெழுத்திலேயே எழுதினாலும், ஆங்கிலத்தில் எங்கே இடைவெளி, எங்கே ஹைபன், எங்கே ஒட்டு என்பதை அப்படியே காட்டியிருக்கிறேன்.

இந்தத் தொல்லையைக் கணினி தீர்த்துவிடும் என்றுதான் தொடக்கத்தில் நம்பியிருந்தேன். ஐஸ்கிரீம் என்று ஒட்டி அடித்தால் எழுத்துப் பிழை காட்டும் நிரல் சிவப்புக் கோடு போடும். டீ பாட் என்று பிரித்து அடித்தால் எதுவும் சொல்லாது. டீ என்பதும் சரியான சொல், பாட் என்பதும் சரியான சொல் என்பதால், அவை இரண்டும் சேர்ந்து ஒரே சொல்லாக இருக்க வேண்டும் என்பது அதற்குத் தெரிவதில்லை. ஆகவே தவறாக ஒட்டியது அகப்பட்டுவிடும், தவறாகப் பிரித்தது தப்பிவிடும். எனக்கு வரும் பட்டியல்களில் பெரும்பாலும் இரண்டாம் வகைப் பிழையே மிஞ்சியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

தமிழில் பழகிய கண்ணுக்கு இது கூடுதல் சங்கடம் தரும். தேநீர்க் கோப்பை என்று இடம் விட்டு எழுதினாலும், நடுவில் நிற்கும் ‘க்’ அவை சேர்ந்த சொற்கள் என்று சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் அப்படிப்பட்ட ஒற்று கிடையாது, பொருளும் கைகொடுப்பதில்லை. டீபாட், டீகப், டீஸ்பூன் ஆகியவை ஒட்டி நிற்கின்றன. அதே டீயோடு வரும் டீ செட், டீ டவல், டீ கேடி ஆகியவை பிரிந்து நிற்கின்றன. ஐஸ் கிரீம் இரண்டு சொல், ஐஸ்பெர்க் ஒரு சொல், ஐஸ்-கோல்டு என்னும் பெயரடைக்கோ ஹைபன். நெடுநாள் புழங்கிய கூட்டுச்சொல் காலப்போக்கில் ஒட்டிக்கொள்ளும் என்பது பொதுவான போக்கு. ஆனால் ஐஸ் கிரீமைவிட அதிகமாக வாயில் புழங்கும் கூட்டுச்சொல் எது இருக்கிறது? அது இன்னும் ஒட்டவில்லை. ஊகித்து எழுத வழியே இல்லை, அகராதியைத்தான் பார்க்க வேண்டும் என்ற முடிவுக்கு முதல் ஆண்டிலேயே வந்துவிட்டேன்.

அகராதி பார்ப்பதிலும் நான் வழுக்கி விழுந்த இடங்கள் உண்டு. என் தந்தையார் வைத்திருந்த பழைய சுருக்க அகராதியில் டீ என்ற தலைச்சொல்லின் கீழ் அதன் கூட்டுச்சொற்கள் எல்லாம் ஒரே பத்தியில் அடைந்து கிடக்கும். இடத்தை மிச்சப்படுத்துவதற்காக டீ என்பதை மீண்டும் அச்சிடாமல் ஓர் அலைக்கோடு போட்டிருப்பார்கள். ‘~பாட்’ என்றால் ஒட்டு. ‘~ டவல்’ என்றால் இடைவெளி. அலைக்கோட்டை அடுத்து ஒரு சிறுகோடும் இருந்தால் ஹைபன். அந்த அலைக்கோட்டையே ஹைபன் என்று நினைத்துக்கொண்டு, ஒரு பட்டியல் முழுவதிலும் டீ-பாட், டீ-கப் என்று திருத்திக் கொடுத்தேன். அது அச்சாகியும் போனது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் குறுகுகிறது.

அடுத்தது புள்ளி. மெரியம்-வெப்ஸ்டர் இணையதளத்தில் தலைச்சொல் டீபாட் என்று ஒட்டித்தான் இருக்கும். அதன் கீழே டீ·பாட் என்று நடுப்புள்ளியோடு இன்னொரு முறை வரும். வரியின் ஓரத்தில் சொல்லை உடைக்க நேர்ந்தால் எங்கே உடைக்கலாம் என்பதற்கான குறிப்பே அந்தப் புள்ளி. எழுதும் முறைக்கும் அதற்கும் தொடர்பில்லை. பொதுவாகத் தலைச்சொல்லை மட்டும் பாருங்கள். எடுத்துக்காட்டு வாக்கியத்தில் வரி மடங்கும் இடத்தில் விழுந்த கோடு அந்தச் சொல்லுக்கு உரிய ஹைபன்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தேடும்போதும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பல அகராதிகள் இடைவெளியைக் கணக்கில் கொள்ளாமல் அகர வரிசைப்படுத்துகின்றன; ஐஸ்பிரேக்கர், ஐஸ் கேப், ஐஸ் கிரீம், ஐஸ் கியூப் என்றுதான் வரிசை ஓடும். ஐஸ் என்ற சொல்லுக்குக் கீழேயே தேடிவிட்டு, இல்லை என்று மூடிவிடக் கூடாது.

மூன்றாவது, பதிப்பு ஆண்டு. 2007ஆம் ஆண்டில் வெளிவந்த ஷார்ட்டர் ஆக்ஸ்போர்டு அகராதியின் ஆறாம் பதிப்பில் ஏறத்தாழ 16,000 சொற்களின் ஹைபன்களை நீக்கினார்கள். ஐஸ்-கிரீம் அப்போதுதான் அதில் ஐஸ் கிரீம் ஆயிற்று. பம்பிள்-பீ ஒட்டிக்கொண்டு பம்பிள்பீ ஆயிற்று. ஹைபன் நீங்கியபின் ஒன்று பிரிந்து நிற்கிறது, இன்னொன்று சேர்ந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். ஹைபன் போட்ட வடிவத்தைப் பழைய நூல் ஒன்றில் கண்டேன் என்று வாடிக்கையாளர் காட்டும்போது, அவர் பொய் சொல்லவில்லை, அந்த வடிவத்தின் காலம் கடந்துவிட்டது என்றுதான் விளக்க வேண்டியிருக்கிறது.

போன ஆண்டு வந்த ஒரு வேலையைச் சொல்கிறேன். பழம்பொருள் கடைக்காரர் ஒருவர் கையால் எழுதிக் கொடுத்த பட்டியலில் எனாமல் வேர், டீ பாட், டீ-செட், பீட்டல் பாக்ஸ் ஆகியவை இருந்தன. டீ பாட்டை நான் ஒட்டியதைப் பார்த்துவிட்டு, “அண்ணே, டீ வேற, பாட் வேறதானே? எதுக்குச் சேத்தீக?” என்று கேட்டார். அகராதியைத் திறந்து காட்டினேன். எனாமல்வேர் ஒரு சொல். கிளாஸ்வேர், எர்தன்வேர் போல இந்த ‘வேர்’ முன்சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். டீ செட்டில் ஹைபன் வேண்டாம், இடைவெளி போதும். பீட்டல் பாக்ஸ், நம் வெற்றிலைப் பெட்டி, நான் புரட்டிய அகராதிகளில் தலைச்சொல்லாக இல்லை. பீட்டல் நட் மட்டும் இரண்டு சொல்லாக இருந்தது. அகராதியில் இல்லாத பெயர்ச்சொல் கூட்டைப் பிரித்தே எழுதுவது பாதுகாப்பான வழக்கம் என்பதால், வெற்றிலைப் பெட்டியையும் இரண்டு சொல்லாகவே விட்டேன். பட்டியலில் இருந்த நான்கில் மூன்று மாறின.

அகராதிகளுக்குள் கருத்து வேறுபடும் இடமும் இருக்கிறது. டீ பேக் என்பதை மெரியம்-வெப்ஸ்டர் பிரித்துத் தருகிறது. கேம்பிரிட்ஜ் ஒட்டித் தருகிறது. இரண்டும் தவறில்லை. ஆனால் ஒரே பட்டியலில் இரண்டும் வந்தால் தவறு. அதனால் ஒரு வேலைக்கு ஓர் அகராதி என்று முதலிலேயே முடிவு செய்து, அதன் பெயரை வேலைத்தாளின் தலைப்பில் எழுதிவிடுகிறேன். பார்த்த சொல்லை ஒரு குறிப்பேட்டில் பதிந்தும் வைக்கிறேன். மறுமுறை அதே கடைக்குப் பட்டியல் வரும்போது பாதி வேலை குறைந்துவிடுகிறது.

அகராதி தீர்த்து வைக்காத ஒன்றும் உண்டு. ஐஸ் கிரீம் தனியாக நின்றால் ஐயமில்லை. அதுவே இன்னொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடையாக வந்தால், ஐஸ்-கிரீம் பவுல் என்று முதல் இரண்டையும் ஹைபனால் கட்டுவோரும் உண்டு, கட்டாமல் விடுவோரும் உண்டு. தலைச்சொல் பெயர்ச்சொல்லின் வடிவத்தைத்தான் சொல்கிறது. இந்த இடத்தில் அதை ஆணையாகக் கொள்ள முடியாது. படிப்பவர் ஐஸ் வைக்கும் கிரீம் பவுல் என்று தடுமாறப் போவதில்லை என்பதால் நான் ஹைபன் போடுவதில்லை. விடுதி ஒன்று கேட்டபோது மட்டும், அவர்களுடைய முந்தைய அட்டையில் இருந்தபடியே, எல்லாப் பக்கங்களிலும் போட்டுக் கொடுத்தேன்.