தண்ணீர் கேனா, கார் துடைப்பா, அரைக் கிலோ மாவா?

சென்னையை அடுத்த நாவலூரில் 84 வீடுகள் கொண்ட அடுக்ககம் ஒன்றில் மாரியப்பனுக்கு ராத்திரி வாட்ச்மேன் வேலை. எட்டு மணிக்கு வந்தால் காலை எட்டுக்குத்தான் வீடு. மூத்தவளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதத்தில்தான், சம்பளத்துக்கு மேல் ஏதாவது பண்ணணும் என்று அவர் உட்கார்ந்து யோசித்தார். யோசிக்க அவரிடம் இருந்தது நேரம் மட்டுமல்ல, கேட்டில் வைத்திருந்த பதிவேடும்தான். அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, 14 ராத்திரிக்கு, யார் என்ன கேட்டு வந்தார்கள் என்று குறித்துக்கொண்டே வந்தார்.

கேட்டதில் முதல் இடம் தண்ணீர்க் கேனுக்கு. 17 தடவை. "அண்ணா, கேன் தீர்ந்துடுச்சு, இப்ப எங்கயாச்சும் கிடைக்குமா?" என்று பதினொரு மணிக்கு மேல் இறங்கி வருவார்கள். மாவு கேட்டவர்கள் ஆறே பேர். இஸ்திரி இரண்டு பேர். கார் துடைக்க ஆள் வேணும் என்றவர்கள் நான்கு பேர். இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் யாரும் தண்ணீர் வியாபாரம்தான் என்று சொல்வார்கள். மாரியப்பனும் முதலில் அப்படித்தான் நினைத்தார்.

கணக்குப் போட்டுப் பார்த்ததும் சுருதி குறைந்தது. 20 லிட்டர் கேன் 25 ரூபாய்க்கு எடுத்து 40-க்குக் கொடுத்தால் கைக்கு 15. பதினான்கு நாளில் 17 என்றால் ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதற்காகப் பத்துக் கேனுக்கு டெபாசிட் கட்டி, வெயில் படாத இடத்தில் அடுக்கி வைக்க வேண்டும். லிஃப்ட் நின்றுவிட்டால் 20 கிலோவைத் தோளில் வைத்து நாலாவது மாடி ஏற வேண்டும். 52 வயது முதுகுக்கு அது ஆகாது. இன்னொன்றும் உண்டு. தண்ணீர் தீர்ந்தது அந்த ஒரு ராத்திரி மறதிதான். வழக்கமாகக் கொண்டுவருபவருக்கு மறுநாள் போன் போட்டால் பிரச்சினை தீர்ந்தது. அவசரத்தில் கேட்கப்படுவதெல்லாம் தினசரித் தேவை ஆகிவிடாது.

கார் துடைப்பதில்தான் உண்மையில் பணம் இருந்தது. மாதம் ஒரு காருக்கு 500, பன்னிரண்டு கார் பிடித்தால் 6,000. முதலீடு என்றால் ஒரு வாளி, நாலு துணி. ஆனால் துடைக்க வேண்டிய நேரம் விடியற்காலை ஐந்திலிருந்து ஏழு வரை, அதாவது அவருடைய டூட்டிக்குள். கேட்டை விட்டுவிட்டுப் போன நேரத்தில் ஒரு சைக்கிள் காணாமல் போனால் போதும், இரண்டு வேலையும் போய்விடும். ஏற்கெனவே துடைத்துக்கொண்டிருக்கும் பையன் ஒருவன் வேறு இருந்தான். அவன் வயிற்றில் அடிக்க மாரியப்பனுக்கு மனசு வரவில்லை. இஸ்திரியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பகலில் தூங்க வேண்டிய மனிதர் பகலெல்லாம் கரிப்பெட்டியை இழுத்துக்கொண்டு நிற்க முடியாது.

மாவை அவர் யோசித்ததற்குக் காரணம் கேட்டவர்கள் அல்ல, குப்பை. காலை ஆறரைக்குக் குப்பை வண்டி வருவதற்கு முன் தொட்டிகளை வாசலுக்குத் தள்ளி வைப்பது அவர் வேலை. தினமும் தொட்டியில் பாதி மாவோடு பாக்கெட்டுகள். உப்பிப் பந்து மாதிரி ஆனவை, வெடித்து ஒழுகுபவை, மூக்கைத் துளைக்கும் புளித்த வாடை. ஒருநாள் எண்ணிப் பார்த்தார். ஏழு. எல்லாமே ஒரு கிலோ பாக்கெட்.

"இவங்க மாவு இல்லாம கஷ்டப்படல, மிச்ச மாவாலதான் கஷ்டப்படறாங்க" என்றார் மனைவி செல்வியிடம். அந்த அடுக்ககத்தில் பாதி வீடுகளில் ஒருவரோ இருவரோதான். ஒரு கிலோ வாங்கினால் இரண்டு நாள் காலைக்கு ஆகும். மூன்றாம் நாள் புளிக்கும். உளுந்தோடும் அரிசியோடும் வருகிற நுண்ணுயிர்கள்தான் மாவைப் பொங்க வைக்கின்றன. ஃபிரிட்ஜ் அவற்றின் வேகத்தைக் குறைக்குமே தவிர நிறுத்தாது. கடைக்கு வரும்போதே பாதி புளித்து, வெளியே நின்ற பாக்கெட் என்றால் இன்னும் சீக்கிரம். ஆகவே விற்க வேண்டியது மாவு என்பதைவிட, அரைக் கிலோ, அன்றைக்கு அரைத்தது, இன்னும் புளிக்காதது.

இதில் நேரமும் ஒத்துவந்தது. செல்வி பக்கத்துப் படூரில் இருக்கும் தங்கள் வீட்டில் காலை எட்டு மணிக்கு இட்லி அரிசியும் உளுந்தும் தனித்தனியாக ஊறப்போட்டு, மதியம் இரண்டுக்கு அரைக்க ஆரம்பித்தால் நான்கரைக்குள் முடியும். மாரியப்பன் ஆறு மணிக்குள் எழுந்துவிடுவார். எட்டு மணிக்கு டூட்டி ஏறுமுன் ஏழு மணிக்கெல்லாம் செல்வி வாசலுக்கு வெளியே நின்று கொடுத்துவிடலாம். வாங்குபவர் தம் பாத்திரத்தில் வாங்கி, ராத்திரி வெளியே வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். ஏஜென்சிக்காரர்கள் டூட்டி நேரத்தில் வியாபாரம் கூடாது என்பார்கள் என்பதால் வியாபாரம் செல்வி பெயரில். சங்கச் செயலாளரிடம் வாயால் அனுமதி, உணவுப் பாதுகாப்புத் துறையில் செல்வி பெயரில் பதிவு, அவ்வளவுதான்.

கிரைண்டர் புதிதாக வாங்கவில்லை. அது சரியான முடிவு என்பேன். வீட்டில் இருந்த 2 லிட்டர் டேபிள்டாப்பே போதும் என்று 2 கிலோ அரிசி, அரைக் கிலோ உளுந்து, ஒரு பெரிய ஸ்பூன் வெந்தயத்தோடு தொடங்கினார்கள். அரிசி 100, உளுந்து 65, வெந்தயம், உப்பு, கரண்ட் எல்லாம் சேர்த்து 15. மொத்தம் 180 ரூபாய். கிடைப்பது சுமார் ஐந்தரைக் கிலோ மாவு, அதாவது 11 அரைக் கிலோ. ஒன்று 30 ரூபாய் என்றால் 330. ஆறு விற்றாலே முதல் திரும்பிவிடும், பதினொன்றும் போனால் மிச்சம் 150. காருக்கு வரும் 6,000-க்கு இது ஈடில்லைதான். மாதம் முழுக்க ஒன்றும் மிச்சமாகாமல் விற்றாலும் 4,500-தான். ஆனால் இதற்கு அவர் கேட்டை விட்டு ஒரு அடி நகர வேண்டியதில்லை.

முதல் வாரமே ஒரு சறுக்கல். சித்திரை வெயில். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று கிரைண்டரை நிறுத்தாமல் ஓட்டியதில் கல்லும் மாவும் சூடேறிவிட்டன. ஏழு மணிக்கே மாவு பொங்கி, வீட்டுக்குப் போனவர்களின் பாத்திரத்தில் பத்து மணிக்கு வழிந்தது. அடுத்த நாளிலிருந்து செல்வி ஐஸ் தண்ணீர் தெளித்து அரைத்தார், ஒரு ஈடுக்கும் அடுத்ததுக்கும் இடையில் கால் மணி நேரம் இடைவெளி விட்டார். உளுந்து பதம் வந்ததா என்று பார்க்க அவரிடம் ஒரு வழி இருந்தது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு துளி மாவை விடுவார். மிதந்தால் போதும், மூழ்கினால் இன்னும் ஓட வேண்டும். மூழ்கிய மாவில் இட்லி கல்லாகத்தான் வரும்.

முதல் நாள் ஐந்து, அப்புறம் எட்டு, இரண்டாவது ஞாயிறு மாலை பதினொன்றும் போய் மூன்று பேர் காலிப் பாத்திரத்தோடு திரும்பினார்கள். வியாழக்கிழமை மட்டும் ஏனோ எப்போதும் மந்தம். அன்றைக்கு ஒன்றரைக் கிலோ அரிசிதான் என்று செல்வி குறைத்துவிட்டார். மிச்சமானது அவர்கள் வீட்டுத் தோசைக்கு.

ஒரு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை மாரியப்பன் தொட்டிகளைத் தள்ளும்போது மூடியைத் திறந்து எண்ணினார். உப்பிய பாக்கெட் இரண்டே இரண்டு. இரண்டும் பி பிளாக் தொட்டியில். "பி பிளாக்ல இன்னும் யார்கிட்டயும் சொல்லலை போல" என்று செல்விக்கு போன் போட்டார்.